விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு ஒரு பக்கத் தாள்: எண்ணுணர்வுக்குத் தினம் பத்து நிமிடம்

8 + 5 எவ்வளவு என்று கேட்டேன். எட்டு வயதுப் பெண், மூன்றாம் வகுப்பு. கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள். உதடு மட்டும் அசைந்தது. "பன்னிரண்டு, மிஸ்" என்றாள்.

தப்பு என்று சொல்லவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சே, எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லு பார்ப்போம்" என்றேன். ஒரு விரலை மடக்கி எட்டு என்றாள், அடுத்ததை மடக்கி ஒன்பது, பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஐந்து விரலும் மடங்கிவிட்டது. அவள் வழியில் கணக்கு சரியாகத்தான் முடிந்திருக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கும் எட்டையே முதல் விரலாக எண்ணிவிட்டாள், அவ்வளவுதான் கோளாறு. அதே பெண்ணிடம் 13 − 4 கேட்டால் 10 வரும்: பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று நான்கு விரல். கூட்டலில் எப்போதும் ஒன்று குறையும், கழித்தலில் எப்போதும் ஒன்று கூடும். நோட்டில் இருந்த தப்புகளில் பெரும்பாலானவை இந்த அச்சில் வார்த்தவை. அருகில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. கவனக்குறைவு என்றால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வராது.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு எண் என்பது வரிசையாகச் சொல்லும் சொற்களின் கயிறு. எட்டு என்றால் ஏழுக்கு அடுத்த சொல். எட்டுக்குள் ஐந்தும் மூன்றும் இருக்கிறது, பத்தாவதற்கு அதற்கு இரண்டு போதாது என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தெரிவதுதான் எண்ணுணர்வு. அதைத் தெரியவைக்கும் வேலைக்குத்தான் இந்தத் தாள். ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருந்து, நூறு வரை சொல்லத் தெரிந்து, ஆனால் சின்னக் கூட்டலுக்கும் ஒன்று ஒன்றாக எண்ணும் பிள்ளைக்கு இது பொருந்தும். ஆசிரியர், பெற்றோர், டியூஷன் எடுப்பவர் யாரும் செய்யலாம். ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், தினம் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள்.

முதலில் 15 நிமிடம்: எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பது

பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரே ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். கேள்வித்தாள் வேண்டாம். பிள்ளையின் கையையும் உதட்டையும் கண்ணையும் பார்க்கிற மாதிரி எதிரே உட்காருங்கள். விடை என்ன என்பதைவிட விடை எப்படி வந்தது என்பதே நமக்கு வேண்டிய தகவல். எழுதிக்கொள்ள நான்கு குறி போதும். எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணினால் 'மு' (முழுதும்). ஒரு எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணினால் 'தொ'. பிரித்துச் சேர்த்தால் 'பி'. எண்ணாமலே சட்டென்று சொன்னால் 'தெ' (தெரியும்).

செய்யச் சொல்ல வேண்டியவை ஐந்து.

புள்ளி அட்டையை ஒரு நொடி காட்டி மூடுங்கள். 3 புள்ளி, 4 புள்ளி, தாயக்கட்டையில் வரும் 5, 6 வடிவம், அப்புறம் சிதறலாக 6. மூன்று நான்கு புள்ளி வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு எண்ணாமலே தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் 'மூன்றும் மூன்றும்' என்று கூட்டமாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு குவியலிலிருந்து 14 பொத்தான் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் ஊன்றவில்லை. பொத்தான்களைப் பரப்பி வைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

3 + 8 கேளுங்கள். மூன்றிலிருந்து எட்டு விரல் போகிறாளா, எட்டிலிருந்து மூன்று விரல் போகிறாளா என்று கவனியுங்கள்.

5 பொத்தானைக் காட்டி, சிலவற்றைக் கிண்ணத்தால் மூடி, வெளியே தெரிவது இத்தனை, உள்ளே எத்தனை என்று கேளுங்கள். பிறகு அதையே 10 பொத்தானில் செய்யுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துக் கேள்வி. மூன்று நொடிக்குள் எண்ணாமல் வந்த விடைக்கு மட்டும் ஒரு மதிப்பெண்.

கடைசியாக, ஒரு தாளில் நீளக் கோடு போட்டு ஒரு முனையில் 0, மறுமுனையில் 100 எழுதி, 50, 8, 25, 80, 90 எங்கே வரும் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் புதுக் கோடு கொடுப்பது நல்லது, முந்தைய குறியைப் பார்த்து வைக்க முடியாது.

அந்தப் பெண்ணுக்கு வந்தது இது. சிதறிய ஆறு புள்ளியை அட்டை மூடிய பிறகும் காற்றில் விரல் வைத்து எண்ணினாள். 14 பொத்தான் சரி, பரப்பினாலும் 14தான் என்றாள். 3 + 8க்கு மூன்றிலிருந்தே கிளம்பி, அந்தப் பழைய ஒன்று குறைவோடு 10இல் வந்து நின்றாள். கிண்ண விளையாட்டில் 5க்குள் பத்துக்கு ஒன்பது, 10க்குள் பத்துக்கு மூன்று. கோட்டில் 8ஐக் கிட்டத்தட்ட 20 வர வேண்டிய இடத்திலும் 25ஐ நடுவிலும் வைத்தாள். 50, 80, 90 எல்லாம் வலது முனையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சின்ன எண்களுக்குத் தாராளமாக இடம் விட்டு, பெரிய எண்களை ஓரத்தில் அடைப்பது எண்ணளவு பிடிபடாத பிள்ளைகளின் வழக்கமான கையெழுத்து.

ஒரே ஒரு இலக்கு

இவ்வளவு ஓட்டையையும் ஒரே நேரத்தில் அடைக்கத் தோன்றும். வேண்டாம். படிகள் நான்குதான்: 5ஐப் பிரிப்பது, 10ஐப் பிரிப்பது, பத்தும் மேலே சிலவும் சேர்ந்தால் பதின்மச் சொற்கள் (10 + 3 = 13), கடைசியாகப் பத்தைத் தாண்டும் கூட்டல் (8 + 5). இதில் எந்தப் படியில் பத்துக்கு எட்டுக்குக் கீழே முதலில் வருகிறதோ அதுதான் இலக்கு. இவளுக்கு அது 10ஐப் பிரிப்பது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். 8 + 5ஐப் பத்து வழியாகப் போட 8க்கு 2 சேர்ந்தால் 10 என்று தெரிய வேண்டும், 5ஐ 2ஆகவும் 3ஆகவும் உடைக்கத் தெரிய வேண்டும், பத்தும் மூன்றும் பதின்மூன்று என்றும் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று ஆடினாலும் பிள்ளை விரலுக்கே திரும்பிவிடும். விரல்தான் அவளுக்கு நம்பகமான வழி, அவளைக் குறை சொல்ல முடியாது.

தாள்

ஒரு ஏ4 தாள், ஒரு வாரத்துக்கு ஒன்று. நான் கையால்தான் எழுதுகிறேன். அச்சடித்த அழகான படிவங்களைவிட இதுதான் தினமும் நிரம்புகிறது.

```
பெயர்:               வாரம்:
இலக்கு: 10ஐப் பிரித்தால் மற்ற பகுதியை
        எண்ணாமல் 3 நொடிக்குள் சொல்வாள்

பார்வை       2 நிமிடம்   பத்துக் கட்ட அட்டை 6
கிண்ணம்      4 நிமிடம்   தெரிந்த 6, புதிய 2
எண் பாதை     3 நிமிடம்   காய் நகர்த்தல்
கடைசிக் கேள்வி 1 நிமிடம்   ஒன்றே ஒன்று

நாள்     1    2    3    4    5
குறி    __   __   __   __   __  (மு/தொ/பி/தெ)
தடுக்கியது: ______________
5ஆம் நாள் சோதனை: __ / 10
```

'தடுக்கியது' என்ற வரிதான் தாளின் உயிர். எந்த எண்ணில் நின்றாள் என்று ஒரே ஒரு குறிப்பு எழுதுங்கள். மூன்று வாரத் தாளை அருகருகே வைக்கும்போது பேசுவது அந்த வரிதான்.

அந்தப் பத்து நிமிடம்

பார்வை. பத்துக் கட்டம் என்பது மேலே ஐந்து, கீழே ஐந்து என இரண்டு வரிசைப் பெட்டி. மேல் வரிசையை இடமிருந்து வலமாக நிரப்பிவிட்டுத்தான் கீழே போக வேண்டும். ஏழு என்றால் மேலே முழு வரிசை, கீழே இரண்டு. இந்த ஒழுங்கை மாற்றாமல் வைத்தால்தான் ஏழு என்பது 'ஐந்தும் இரண்டும்' என்று கண்ணில் பதியும். அட்டையை ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி காட்டி மூடுங்கள். "எத்தனை?" என்பது முதல் கேள்வி. "எப்படித் தெரிஞ்சது?" என்பது இரண்டாவது. "கீழே மூணு பெட்டி காலியா இருந்துச்சு" என்று ஒரு நாள் பதில் வரும். அன்று தாளில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்காக இல்லை, உங்களுக்காக. 10ஐப் பிரிக்கும் வழியை அவளே கண்டுபிடித்த நாள் அது.

கிண்ணம். பத்துப் பொத்தானை வரிசையாக வைத்து அவளே எண்ணட்டும், பத்துதான் என்று நம்பட்டும். கண்ணை மூடச் சொல்லிச் சிலவற்றின் மேல் கிண்ணத்தைக் கவிழுங்கள். "வெளியே எட்டு. உள்ளே?" பதில் வந்ததும் கிண்ணத்தைத் தூக்கி அவளே சரிபார்க்க வேண்டும். சரி, தப்பு என்ற தீர்ப்பு உங்கள் வாயிலிருந்து வராமல் கிண்ணத்துக்கு அடியிலிருந்து வருவது பெரிய வசதி. பயந்த பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்து விடை மாற்றும் பழக்கம் இதில் போய்விடும். எட்டுக் கேள்வியில் ஆறு அவளுக்கு நன்றாகத் தெரிந்தவையாகவும் இரண்டு மட்டும் புதியவையாகவும் இருக்கட்டும். மூன்று நொடியில் வரவில்லையென்றால் யோசிக்க விட்டு இழுக்காதீர்கள். கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "எட்டும் இரண்டும் பத்து" என்று அவளைச் சொல்லவைத்து, இரண்டு கேள்வி கழித்து அதையே மறுபடி கேளுங்கள்.

எண் பாதை. பரமபதம் மாதிரி வளைந்து நெளிந்து போகும் பலகை இல்லை. ஒரே நேர்க்கோட்டில் 1 முதல் 20 வரை சம அளவுக் கட்டங்கள், இடமிருந்து வலமாக. தாயக்கட்டைக்குப் பதில் 1, 2, 3 எழுதிய சீட்டுகள் போதும். சீட்டில் வந்த எண்ணுக்குக் காய் நகர்த்த வேண்டும். இதில் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: காய் 5இல் நிற்கும்போது சீட்டில் 2 வந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தக் கூடாது, "ஆறு, ஏழு" என்று சொல்லித்தான் நகர்த்த வேண்டும்.

இது சும்மா சொல்லும் விதி இல்லை. நேர்க்கோட்டு எண் பலகையை வைத்து உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் பள்ளி சேரும் முன்னுள்ள குழந்தைகளிடம் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் கால்மணி நேரம் வீதம் நான்கு முறை விளையாடியதிலேயே எண் கோட்டில் எண்களை வைக்கும் திறன் முன்னேறியது. பிறகு 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் பெரிய பலகையில் பார்த்தபோது, கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்திய குழந்தைகள் நன்றாகக் கற்றார்கள், ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தியவர்களுக்கு அந்தப் பலன் வெகுவாகக் குறைந்தது. பலகை அதேதான், வாயில் வரும் சொல்தான் வேறு. நம் பிள்ளைக்கு இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. காய் எட்டில் நிற்கிறது, நகர்த்தினால் வரும் முதல் சொல் ஒன்பது. எட்டையே முதல் விரலாக எண்ணும் அந்தப் பழைய பிழை இங்கே தானாகவே நேராகும், நாம் விளக்கவே வேண்டாம். முதல் வாரம் அவளும் காயை நின்ற கட்டத்திலேயே ஒரு தட்டுத் தட்டி "எட்டு" என்றுதான் தொடங்கினாள். "எட்டுல ஏற்கெனவே நிக்கிறியே, கால் எடுத்து வை" என்பேன். நாலைந்து நாளில் தட்டுவது நின்றது.

கடைசிக் கேள்வி. ஒன்றே ஒன்று, அன்று தடுமாறிய எண்ணிலிருந்து. பொத்தானும் கட்டமும் இல்லாமல் வாயால் மட்டும். அதற்கான குறியைத் தாளில் எழுதி முடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நன்றாகப் போகிறது என்று இருபது நிமிடம் இழுத்த நாளுக்கு மறுநாள் பிள்ளை வராது.

விரலை என்ன செய்வது?

பிடுங்காதீர்கள். மறைத்து எண்ணப் பழகியிருந்தால் மேசைக்கு மேலே கொண்டுவரச் சொல்லுங்கள். எண்ணும் கருவியாக இருந்த விரலைக் காட்டும் கருவியாக மாற்றினால் போதும். "ஏழு காட்டு" என்றால் ஒன்று ஒன்றாக விரிக்காமல் ஒரு கை முழுதும், மறு கையில் இரண்டும் ஒரே வீச்சில் விரிய வேண்டும். "மடங்கியிருக்கிறது எத்தனை?" என்றால் பத்துக் கட்டத்தின் காலிப் பெட்டி இங்கேயும் வந்துவிடும்.

ஐந்தாம் நாள் சோதனை

வாரக் கடைசியில் அதே கிண்ண விளையாட்டு, பத்துக் கேள்வி, ஆனால் இம்முறை உதவி இல்லை, விடை சரிபார்ப்பு இல்லை. வெளியே தெரியும் எண்களின் வரிசை 9, 5, 2, 7, 4, 8, 6, 1, 3, 5 என்று கலைந்து இருக்கட்டும். அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள். நொடிக்கடிகாரத்தை மேசையில் வைக்க வேண்டாம். மனதுக்குள் மூன்று எண்ணிக்கொள்ளுங்கள். சரியான விடை எண்ணி வந்திருந்தால் மதிப்பெண் இல்லை, அதை வேறாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்க நான் வைத்திருக்கும் விதி எளிது. அடுத்தடுத்து இரண்டு வாரம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த படி. இரண்டு வாரத்துக்குப் பிறகும் 4க்குக் கீழே என்றால் படி அதிகம், கீழே இறங்க வேண்டும். 10 வேண்டாம், 6, 7 என்று சிறிய மொத்தத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். இடையில் எங்காவது இரண்டு வாரம் ஒரே எண்ணில் நின்றால், பயிற்சியைக் கூட்டாதீர்கள், முறையை மாற்றுங்கள். இது அனுபவத்தில் வந்த கணக்கு. உங்கள் பிள்ளைக்கு 8க்குப் பதில் 9 என்று வைத்தாலும் குடி முழுகாது, ஆனால் எண்ணை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று மாதம் ஓடிவிடும்.

அவளுடைய ஐந்து வாரம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். தொடங்கும்போது 3: ஐந்தும் ஐந்தும் இரண்டு முறை, ஒன்பது தெரிந்தால் ஒன்று. முதல் வார முடிவில் 5. ஒன்று தெரிந்தால் ஒன்பது வந்துவிட்டது, எட்டு தெரிந்தால் இரண்டும் வந்தது. ஆனால் இரண்டு தெரிந்து எட்டு மறைந்திருந்தால் எண்ணினாள். நமக்கு இரண்டும் ஒன்றுதான், அவளுக்கு அவை தனித்தனிச் செய்தி. இரண்டாம் வாரம் அதுவும் ஒட்டிக்கொண்டு 6 ஆனது. மூன்றாம் வாரமும் 6.

தாள்களை அடுக்கிப் பார்த்தேன். தவறவிட்ட நான்கும் 7, 3, 6, 4 மட்டும். அதாவது அவளுக்கு ஓரத்து எண்களும் சரிபாதியும் தெரியும், நடுவில் இருப்பவை இல்லை. ஓரத்து எண்களில் மறைந்திருப்பது ஒன்றோ இரண்டோ, ஒரு மூச்சில் எட்டிவிடலாம். மூன்றும் நான்கும் மறைந்தால் எட்டவில்லை. மூன்று வாரமாகக் கிண்ணத்தையே தூக்கித் தூக்கிக் காட்டியதில் இந்த இரண்டு ஜோடிக்கும் பிடிமானம் கிடைக்கவில்லை என்பது என் தப்பு. பொத்தான் வரிசையில் ஏழு எப்படியிருக்கும், வெறும் நீளம்தானே.

நான்காம் வாரம் கிண்ணத்தை ஓரம் வைத்துவிட்டு, நான்கு நிமிடமும் பத்துக் கட்டத்திலேயே செய்தோம். மேலே ஐந்து நிரம்பட்டும், கீழே இரண்டு வை. ஏழு. காலி எத்தனை? மூன்று. கீழே இன்னும் ஒன்று நகர்த்து. எட்டு. காலி எத்தனை? ஒரு பொத்தான் உள்ளே வந்தால் ஒரு பெட்டி நிரம்புகிறது என்பதை அவள் அன்றுதான் பார்த்த மாதிரி பார்த்தாள். அதோடு விரலில் ஏழு காட்டுவது. அந்த வாரம் 8, அடுத்த வாரம் 9. நான்கு தெரிந்தால் ஆறு என்பது மட்டும் கடைசி வரை கொஞ்சம் நொண்டியது. விதிப்படி மேலே போனோம், அந்த ஒன்றைத் தினக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

பத்தும் மேலும்: சொல்லில் இருக்கும் பொறி

மூன்றாம் படி சுலபம், தமிழில் இன்னும் சுலபம். பதின்மூன்று என்ற சொல்லிலேயே பத்து முன்னாலும் மூன்று பின்னாலும் இருக்கிறது, எழுதும் வரிசையும் அதுதான். இருபத்து நான்கும் அப்படியே. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை தர்ட்டீன், தர்ட்டி இரண்டையும் குழப்பி 13ஐ 30 என்று எழுதினால், "பத்தும் மூன்றும்" என்று தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்பது வரும் இடத்தில் தமிழும் கால் வாரும். ஒன்பது என்பது ஒற்றை இலக்கம், ஒலியில் இருபது, முப்பதின் தம்பி. 90 என்பது தொண்ணூறு, உள்ளே 'நூறு' ஒலிக்கிறது. 900 தொள்ளாயிரம், உள்ளே 'ஆயிரம்'. எண்பத்து ஒன்பதுக்கு அப்புறம் ஒரு பிள்ளை திகைத்து நிற்பதும், தொண்ணூறை 100க்கு அந்தப் பக்கம் வைப்பதும் இதனால்கூட இருக்கலாம். எண் கோட்டில் 90ஐ ஓரத்தில் தள்ளினால் அளவு புரியவில்லையா, சொல் ஏமாற்றுகிறதா என்று பிரித்துப் பாருங்கள்: எண்ணைச் சொல்லாமல் இலக்கத்தில் எழுதிக் காட்டி வைக்கச் சொன்னால் தெரிந்துவிடும். சொல்தான் காரணம் என்றால் பத்துப் பத்துக் கட்டுகளாகக் குச்சிகளை அடுக்கி, ஒன்பது கட்டைத் தொட்டுக்கொண்டே "ஒன்பது பத்து, தொண்ணூறு" என்று சில நாள் சொன்னால் போதும்.

பத்தைத் தாண்டும் கூட்டல்

இரண்டு பத்துக் கட்டம். ஒன்றில் 8, மற்றொன்றில் 5. "முதல் கட்டத்தை நிரப்பு." இரண்டு பொத்தான் இந்தப் பக்கம் வருகிறது, அங்கே மூன்று மிச்சம். பத்தும் மூன்றும் பதின்மூன்று. 9இல் தொடங்கும் கணக்குகளை முதலில் எடுங்கள், ஒரே ஒரு பொத்தான் நகர்த்தினால் போதும். அது கைவந்தபின் 8, பிறகு 7. பொத்தான் நகர்த்தும்போது வாயாலும் சொல்ல வேண்டும். மூன்று நான்கு நாள் கழித்துக் கட்டத்தைக் காட்டி, கை வைக்காமல் "என்ன நகரும்?" என்று கேளுங்கள். அதன்பின் வெறும் எண்.

இங்கே வரும் பிழைக்கும் ஓர் அச்சு உண்டு. 8 + 5 = 15, 9 + 6 = 16 என்று வந்தால், எட்டைப் பத்தாக்க இரண்டு எடுத்ததை மறந்து முழு ஐந்தையும் மறுபடி சேர்த்திருக்கிறாள். நகர்த்திய அளவுக்குச் சரியாக விடை கூடியிருக்கும். 8 + 5 = 12 என்றால் விரலுக்குத் திரும்பியிருக்கிறாள். இரண்டு தப்புக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு, 5க்குக் கீழே இரண்டு கிளை வரைந்து 2, 3 என்று எழுதி, 2ஐ அடித்துவிட்டு அப்புறம் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்குக் கட்டத்துக்கே திரும்ப வேண்டும். சோதனையில் இந்தப் படிக்கு மட்டும் மூன்று நொடியை ஆறாக்கிக்கொள்ளலாம், 'பி' குறிக்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம். யோசித்துப் பிரிப்பதுதான் இங்கே இலக்கு, மனப்பாடம் இல்லை.

ஏமாற்றும் முன்னேற்றம்

மதிப்பெண் ஏறுவதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சில பிள்ளைகள் 'ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும்' என்று பாட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். சோதித்துப் பார்க்கச் சின்ன வழி உண்டு. பத்துக்குப் பதில் ஒன்பது பொத்தானை வைத்து, அதை எண்ணவும் வைத்து, ஏழைக் காட்டி மறைந்தது எத்தனை என்று கேளுங்கள். யோசிக்காமல் "மூன்று" என்றால் பாட்டு பேசுகிறது. ஒரு கணம் நின்று "பத்துன்னா மூணு, இது ஒன்பது, அப்போ ரெண்டு" என்றால் எண் பேசுகிறது.

எட்டு வயதாகியும் மூன்று புள்ளியை எண்ணாமல் சொல்ல முடியவில்லை, எட்டும் ஆறும் காட்டினால் எது பெரிது என்பதற்கே நெடுநேரம் ஆகிறது, ஒழுங்காக எட்டு வாரம் செய்தும் 5ஐப் பிரிப்பதே நிலைக்கவில்லை என்றால் தாளை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் கண்பார்வையும் காதும் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் உளவியலாளரையோ சிறப்பாசிரியரையோ பாருங்கள். டிஸ்கால்குலியா, அதாவது எண்களைக் கற்பதில் வரும் குறைபாடு, என்று முடிவுகட்டுவது அவர்கள் வேலை, இந்தத் தாள் அதைச் சொல்லாது. ஆனால் எட்டு வாரத் தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள். 'கணக்கு வராது' என்பதைவிட, எந்த எண்ணில் எந்த வழியில் நின்றாள் என்ற குறிப்பு அவர்களுக்கு நிறையச் சொல்லும்.

நீண்ட விடுமுறைக்குப் பிறகு மதிப்பெண் இறங்கும், அதற்காகப் படி இறக்க வேண்டாம். மூன்று நாள் பழைய அட்டையைக் காட்டிவிட்டு, நான்காம் நாள் சோதனை வையுங்கள். அந்தப் பெண் விடுமுறை முடிந்து வந்த அன்று 8 + 5 கேட்டேன். கை மேசைக்கு அடியில் போகவில்லை, ஆனால் கண் மேலே போய் எதையோ பார்த்தது. "பதின்மூணு." எப்படி என்றேன். "ரெண்டு பெட்டி காலியா இருந்துச்சு, மிஸ்" என்றாள். மேசையில் கட்டம் எதுவும் இல்லை.